ஒரே கட்டத்தில் மூன்று புகார்: எண்ணுவதற்கு முன் பிரிப்போம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், புகார்ப் பட்டியலைக் கையாள்வது பற்றிப் பேசிய உரையின் எழுத்து வடிவம். அன்று திரையில் காட்டிய பட்டியலும் சூத்திரங்களும் அப்படியே தரப்பட்டுள்ளன.)



அடுத்த பொதுக்குழுவில் பராமரிப்பு நிதியை எந்த வேலைக்கு முதலில் ஒதுக்குவது என்று நாம் முடிவு செய்ய வேண்டும். லிஃப்டுக்கா, குழாய்களுக்கா என்று இரண்டு கட்சிகள் ஏற்கெனவே உருவாகிவிட்டன. இரண்டு கட்சிகளும் காட்டுவது ஒரே ஆதாரத்தைத்தான். செக்யூரிட்டி மேசையில் எழுதிவைத்து, பிறகு கூகுள் ஷீட்டில் ஏற்றுகிறோமே, அந்தப் புகார்ப் பட்டியல். ஒரே பட்டியலை எண்ணி இரண்டு பேர் இரண்டு விடை சொல்கிறார்கள் என்றால், பட்டியலில் தப்பு இருக்க வேண்டும், அல்லது எண்ணிய முறையில் தப்பு இருக்க வேண்டும். நம் விஷயத்தில் பட்டியல் சரியாகத்தான் இருக்கிறது. எண்ணும் முறையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நம் பட்டியலில் ஒரு புகாருக்கு ஒரு வரி. அதில் "வகை" என்று ஒரு பத்தி. ஒருவர் வந்து, "சுவரில் தண்ணீர் கசிகிறது, படிக்கட்டு விளக்கும் எரியவில்லை" என்று சொன்னால், அந்த ஒரே கட்டத்தில் "தண்ணீர் கசிவு, மின்விளக்கு" என்று கமா போட்டு எழுதிவிடுகிறோம். எழுதுபவருக்கு அது சௌகரியம். படிப்பவருக்கும் புரிகிறது. ஆனால் எண்ணுகிற கணினிக்கு அந்தக் கட்டத்தில் இருப்பது இரண்டு வகைகள் அல்ல. கமா உட்பட எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு நீளமான சொல். சிக்கல் முழுவதும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

விளக்கத்துக்காகப் பன்னிரண்டு வரிகள் கொண்ட ஒரு மாதிரிப் பட்டியலைத் தயாரித்திருக்கிறேன். இது நம் உண்மையான பட்டியல் அல்ல. ஆனால் அதன் சாயல் இதில் இருக்கும். A பத்தியில் புகார் எண், B பத்தியில் பிளாக், C பத்தியில் வகை. முதல் வரி தலைப்பு. ஆகவே புகார்கள் 2ஆம் வரியில் தொடங்கி 13ஆம் வரியில் முடிகின்றன.

1 – கிழக்கு – லிஃப்ட்
2 – நடு – தண்ணீர் கசிவு, மின்விளக்கு
3 – கிழக்கு – லிஃப்ட்
4 – நடு – தண்ணீர் கசிவு, கொசு
5 – மேற்கு – தண்ணீர்
6 – நடு – தண்ணீர், தண்ணீர் கசிவு
7 – கிழக்கு – லிஃப்ட்
8 – நடு – தண்ணீர் கசிவு, மின்விளக்கு, கொசு
9 – மேற்கு – தண்ணீர், கொசு
10 – நடு – மின்விளக்கு, தண்ணீர் கசிவு
11 – கிழக்கு – லிஃப்ட்
12 – மேற்கு – தண்ணீர் கசிவு

இதில் "தண்ணீர்" என்றால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற புகார். "தண்ணீர் கசிவு" என்றால் சுவரிலோ கூரையிலோ ஒழுகுகிறது என்ற புகார். இரண்டும் வேறு வேறு.

முதல் கட்சிக்காரர் என்ன செய்தார்? C பத்தியை அப்படியே எடுத்து, எது எத்தனை முறை வருகிறது என்று பிவட் டேபிள் போட்டார். விடை ஒன்பது வரிகளாக வந்தது. "லிஃப்ட்" என்பதற்கு நேராக 4. மீதி எட்டு வரிகளுக்கும் நேராக 1, 1, 1 என்று ஒன்றுகளாகவே வந்தன. "பாருங்கள், லிஃப்ட்தான் நம் பெரிய பிரச்சினை, மற்றதெல்லாம் சில்லறை" என்று சொல்லிவிட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. கணினி கொடுத்த விடை அதுதான். ஆனால் ஏன் அப்படி வந்தது என்று பாருங்கள். லிஃப்ட் நின்றால் ஒருவர் லிஃப்டைப் பற்றி மட்டும்தான் புகார் சொல்வார். அந்தப் புகார் தனியாக வரும். கசிவு அப்படி இல்லை. ஒரு நாள் விளக்கோடு வரும், ஒரு நாள் கொசுவோடு வரும், ஒரு நாள் இரண்டையும் கூட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு கூட்டணியும் கணினிக்குத் தனித்தனிச் சொல். போதாததற்கு, 2ஆம் புகாரில் "தண்ணீர் கசிவு, மின்விளக்கு" என்றும், 10ஆம் புகாரில் "மின்விளக்கு, தண்ணீர் கசிவு" என்றும் இருக்கிறது. பொருள் ஒன்றுதான், வரிசை மாறியதால் அதுவும் இரண்டாகிவிட்டது. ஆக, பிரிக்காமல் எண்ணினால் தனியாக வரும் புகார் பெரிதாகத் தெரியும். துணையோடு வரும் புகார் சிதறிக் காணாமல் போகும். இது ஏதோ ஒன்றிரண்டு கூடக்குறைய வரும் பிழை இல்லை. எப்போதும் ஒரே பக்கம் சாயும் தராசு.

இரண்டாவது கட்சிக்காரர் கொஞ்சம் விவரமானவர். "ஒரு சொல் கட்டத்துக்குள் எங்கே இருந்தாலும் எண்ணு" என்று சொல்ல வழி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். இருபுறமும் நட்சத்திரக் குறி போட்டு இப்படி எழுதினார்:

```
=COUNTIF(C2:C13, "*தண்ணீர்*")
```

விடை 8 வந்தது. "பன்னிரண்டில் எட்டுப் புகார் தண்ணீர் வரவில்லை என்பதுதான், மோட்டாரை மாற்று" என்றார். உண்மையில் தண்ணீர் வரவில்லை என்ற புகார் மூன்றே மூன்று: 5, 6, 9. மீதி ஐந்தும் கசிவுப் புகார்கள். "தண்ணீர் கசிவு" என்ற சொல்லுக்குள் "தண்ணீர்" என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது அல்லவா? நட்சத்திரக் குறிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஒரு வகையின் பெயர் இன்னொரு வகையின் பெயருக்குள் வராதவரை இந்த முறை சரியான விடை கொடுக்கும். இதே முறையில் "*தண்ணீர் கசிவு*" என்று தேடினால் சரியாக 6 கிடைக்கும். ஆனால் இன்று சரியாக இருக்கிற பட்டியலில் நாளைக்கு யாராவது ஒரு புது வகையைச் சேர்த்தால் கணக்கு சத்தமில்லாமல் கெடும். எச்சரிக்கையும் வராது.

சரி, முறையான வழி என்ன? இங்கே என் பழைய தொழிலிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். கணக்கு வழக்கு படித்தவர்களுக்குக் குறிப்பேடும் பேரேடும் நினைவிருக்கும். சம்பள நாளில் ஓர் ஊழியருக்கு ஒரே வவுச்சர் போடுவோம். அதில் கையில் கிடைக்கும் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, வருமான வரி, கடன் தவணை எல்லாம் இருக்கும். குறிப்பேட்டில் அது ஒரே பதிவுதான். ஆனால் "இந்த மாதம் கடன் தவணையாக எவ்வளவு வந்தது" என்று மேலாளர் கேட்டால் குறிப்பேட்டைப் புரட்டி யாரும் எண்ண மாட்டார்கள். அந்த ஒரு பதிவை உடைத்து, ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வரியாகப் பேரேட்டில் எடுத்து எழுதியிருப்போம். ஒவ்வொரு வரியிலும் வவுச்சர் எண் இருக்கும். பேரேட்டைப் பார்த்துத்தான் கூட்டுவோம்.

நம் புகார்ப் பட்டியல் குறிப்பேடு. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், எழுதுபவரின் சௌகரியத்தைக் கெடுக்க வேண்டாம். ஆனால் எண்ணுவதற்கு முன் பேரேடு ஒன்று வேண்டும். ஒரு வகைக்கு ஒரு வரி, வரிதோறும் புகார் எண். 8ஆம் புகாரில் மூன்று வகை இருந்தால் அது மூன்று வரியாக வேண்டும், மூன்றிலும் 8 என்ற எண் இருக்க வேண்டும்.

கூகுள் ஷீட்டில் பிரிக்கும் கருவியின் பெயர் SPLIT. ஒரு கட்டத்தை மட்டும் பிரித்துப் பார்க்க:

```
=SPLIT(C3, ",")
```

இதை ஒரு காலியான இடத்தில் எழுதினால், 2ஆம் புகாரின் இரண்டு வகைகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் வந்து உட்காரும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நாம் கமாவுக்குப் பின் ஒரு இடைவெளி விடுகிறோமே என்று நினைத்து, கமாவையும் இடைவெளியையும் சேர்த்து ", " என்று கொடுத்தால், SPLIT அதை ஒரே குறியாக எடுத்துக்கொள்ளாது. கமா வந்தாலும் வெட்டும், இடைவெளி வந்தாலும் வெட்டும். "தண்ணீர் கசிவு" என்பது "தண்ணீர்" என்றும் "கசிவு" என்றும் துண்டாகிவிடும். ஆகவே கமாவை மட்டும் கொடுத்து வெட்டுங்கள். முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியை நீக்க TRIM என்ற தனிக் கருவி இருக்கிறது. அதை நீக்காவிட்டால் "மின்விளக்கு" என்பதும் முன்னால் இடைவெளி உள்ள " மின்விளக்கு" என்பதும் இரண்டு வகைகளாக எண்ணப்படும் அபாயம் உண்டு.

SPLIT பக்கவாட்டில்தான் பிரிக்கும். நமக்கு மேலிருந்து கீழாக வரிகள் வேண்டும். அதற்கு FLATTEN. புகார் எண்ணும் பிளாக்கும் கூடவே வர வேண்டும் என்பதற்காக, அவற்றை ஒரு செங்குத்துக் கோட்டால் ஒட்டி, வரிகளாக அடுக்கிய பிறகு அந்தக் கோட்டில் மறுபடி வெட்டிவிடுகிறோம். எல்லாம் சேர்ந்து, F2 கட்டத்தில் எழுத வேண்டிய சூத்திரம் இது ஒன்றுதான்:

```
=ARRAYFORMULA(SPLIT(FLATTEN(A2:A13&"|"&B2:B13&"|"&TRIM(SPLIT(C2:C13,","))),"|"))
```

பார்க்கப் பயமாக இருந்தாலும் உள்ளிருந்து வெளியே படித்தால் நான்கே வேலைகள்: கமாவில் வெட்டு, இடைவெளியை நீக்கு, எண்ணையும் பிளாக்கையும் ஒட்டி வரிகளாக அடுக்கு, கோட்டில் மறுபடி வெட்டு. இப்போது F பத்தியில் புகார் எண், G பத்தியில் பிளாக், H பத்தியில் ஒரே ஒரு வகை. மூன்றுக்குக் குறைவான வகைகள் உள்ள புகார்களுக்குக் கீழே, H காலியாக உள்ள வரிகள் சில வரும். அவை ஒன்றும் செய்யாது, எண்ணும்போது விட்டுவிடுவோம். புகார்கள் கூடும்போது 13 என்ற எண்ணைக் கடைசி வரியின் எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

எண்ணுவதற்கு, J2 கட்டத்தில்:

```
=QUERY(F2:H, "select H, count(H) where H <> '' group by H order by count(H) desc", 0)
```

விடை இப்படி வரும். தண்ணீர் கசிவு 6. லிஃப்ட் 4. தண்ணீர், மின்விளக்கு, கொசு மூன்றும் தலா 3. முதல் கட்சி ஒன்று என்று ஒதுக்கிய கசிவு முதலிடத்துக்கு வந்துவிட்டது. இரண்டாவது கட்சி எட்டு என்று சொன்ன தண்ணீர் மூன்றாகிவிட்டது.

கூகுள் ஷீட் இல்லாமல் எக்ஸெல் பயன்படுத்துபவர்களுக்குச் சூத்திரமே தேவையில்லை. பட்டியலுக்குள் ஒரு கட்டத்தில் நின்று Data, அதில் From Table/Range என்று போனால் பவர் குவெரி என்ற ஜன்னல் திறக்கும். வகை என்ற பத்தியைத் தேர்வு செய்து Split Column, By Delimiter. அதில் Advanced options என்பதைத் திறந்தால் Columns, Rows என்று இரண்டு இருக்கும். Rows என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதே பத்தியில் Transform, Format, Trim. கடைசியாக Close & Load. புகார் எண்ணும் பிளாக்கும் ஒவ்வொரு வரியிலும் தானாகவே வந்துவிடும். புதுப் புகார்கள் சேர்ந்தால் Refresh கொடுத்தால் போதும். பலருக்கும் பழக்கமான Text to Columns இதற்கு உதவாது. அது பக்கத்துப் பத்திகளில் பரப்பும், வரிகளாக்காது. பக்கத்தில் ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தால் அதன் மேலேயே எழுதட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் சரி என்று அழுத்தினால் பழையது போய்விடும்.

எண்ணியாகிவிட்டது. இது சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பேரேட்டுக்கு இருப்பாய்வு இருப்பதுபோல இதற்கும் ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. மிக எளிது. ஒரு கட்டத்தில் கமா இல்லை என்றால் ஒரு வகை. ஒரு கமா என்றால் இரண்டு. இரண்டு கமா என்றால் மூன்று. ஆகவே மொத்த வகை வரிகள் எத்தனை என்றால், புகார்களின் எண்ணிக்கையும் கமாக்களின் எண்ணிக்கையும் சேர்ந்த கூட்டுத்தொகை. கமாக்களை எண்ண:

```
=SUMPRODUCT(LEN(C2:C13)-LEN(SUBSTITUTE(C2:C13,",","")))
```

ஒவ்வொரு கட்டத்தின் நீளத்திலிருந்து, கமாவை எடுத்துவிட்ட பின் உள்ள நீளத்தைக் கழிக்கிறோம், அவ்வளவுதான். நம் மாதிரியில் 7 வரும். பன்னிரண்டு புகார், ஏழு கமா, மொத்தம் 19. நம் விடையைக் கூட்டுங்கள்: 6, 4, 3, 3, 3. பத்தொன்பது. கணக்கு நேர்.

நேராகாவிட்டால் எங்கே பார்ப்பது? யாராவது "லிஃப்ட்," என்று கடைசியில் கமா போட்டு நிறுத்தியிருந்தால் கமாக் கணக்கு ஒன்று கூடும், வகை கூடாது. வகையே எழுதாத புகார் இருந்தாலும் வித்தியாசம் வரும். வித்தியாசம் எத்தனை என்பதைப் பார்த்தாலே தேடுவது சுலபம்.

இந்தச் சரிபார்ப்பு பிடிக்காத பிழைகளும் உண்டு. ஒன்று, வகையின் பெயருக்குள்ளேயே கமா இருப்பது. "கதவு, ஜன்னல்" என்று ஒரே வகையாக வைத்திருந்தால் அதையும் இரண்டாக வெட்டிவிடும். மொத்தம் நேராகவே இருக்கும், ஆனால் யாரும் சொல்லாத புகார் ஒன்று முளைத்திருக்கும். வகைகளுக்குப் பெயர் வைக்கும்போதே "கதவு மற்றும் ஜன்னல்" என்று வைத்துவிட்டால் தொல்லை இல்லை.

இன்னொன்று, ஒரே வகை இரண்டு வேடத்தில் வருவது. ஒருவர் "லிஃப்ட்" என்று எழுதுவார், இன்னொருவர் "லிப்ட்" என்று எழுதுவார். விடைப் பட்டியலை ஒரு முறை கண்ணால் படித்தாலே இது தெரிந்துவிடும். கண்ணுக்கும் தெரியாத வேடம் ஒன்று தமிழில் இருக்கிறது. "கொசு" என்று இரண்டு பேர் தட்டச்சு செய்கிறார்கள். ஒருவருடைய விசைப்பலகை "கொ" என்பதன் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகப் பதியும். இன்னொருவருடையது கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் பதியலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. உள்ளே வேறு. விடைப் பட்டியலில் ஒரே சொல் இரண்டு முறை வந்திருந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். அந்தக் கட்டங்களுக்கு LEN போட்டுப் பாருங்கள். "கொசு" என்பதற்கு ஒன்றில் 4, இன்னொன்றில் 5 என்று வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒன்றை நகலெடுத்து மற்றதன் மேல் ஒட்டினால் சரியாகிவிடும்.

இப்போது விடையை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். கசிவு ஆறு. இது எத்தனை சதவீதம்? பன்னிரண்டு புகாரில் ஆறு என்றால் 50 சதவீதம். பத்தொன்பது வகை வரிகளில் ஆறு என்றால் சுமார் 32 சதவீதம். இரண்டும் சரியான கணக்குத்தான், ஆனால் அவை வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். "எத்தனை புகார்களில் கசிவு இருந்தது" என்பதற்கு 50. "சொல்லப்பட்ட பிரச்சினைகளில் கசிவின் பங்கு என்ன" என்பதற்கு 32. பொதுக்குழுவில் ஒருவர் 50 என்பார், ஒருவர் 32 என்பார், சண்டை வரும். எதால் வகுத்தோம் என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிட்டால் சண்டை இல்லை. புகார்களால் வகுத்த சதவீதங்களைக் கூட்டினால் நூறைத் தாண்டும். நம் மாதிரியில் 158 வரும். ஒரு புகாரில் பல வகை இருப்பதால் வருவது அது, பிழை அல்ல. வட்டப் படம் மட்டும் வரைந்துவிடாதீர்கள். பட்டைப் படம் போடுங்கள்.

இதைவிட ஆபத்தான ஒன்று பணம். பட்டியலில் செலவு என்று ஒரு பத்தி இருக்கிறது. 8ஆம் புகாருக்கு 2,400 ரூபாய் செலவானது என்று வைத்துக்கொள்வோம். வரிகளாகப் பிரிக்கும்போது செலவையும் கூடவே கொண்டுவந்தால், அந்த 2,400 மூன்று வரிகளிலும் வந்து நிற்கும். கூட்டினால் 7,200. செலவாகாத 4,800 ரூபாய் கணக்கில் ஏறிவிடும். சம்பள வவுச்சரில் ஒவ்வொரு தலைப்புக்கும் தனித் தொகை இருக்கும், அதனால் பிரித்தாலும் கூட்டுத்தொகை மாறாது. நம் புகாரில் அப்படித் தனித் தொகை இல்லை. ஆகவே மொத்தச் செலவை எப்போதும் மூலப் பட்டியலில்தான் கூட்ட வேண்டும். வகைவாரிச் செலவு வேண்டும் என்றால் பில்லைப் பார்த்து, பிளம்பருக்கு எவ்வளவு, எலெக்ட்ரீஷியனுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிவைக்க வேண்டும். மூன்றால் வகுத்துப் போடுவது கணக்கு அல்ல, ஊகம்.

கடைசியாக, புகார் எண்ணையும் பிளாக்கையும் ஏன் கூடவே கொண்டுவரச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். J பத்தியில் நம் விடை இருக்கும் இடத்துக்குக் கீழே, காலியான ஒரு கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=QUERY(F2:H, "select H, count(H) where H <> '' group by H pivot G", 0)
```

இது வகையைப் பிளாக் வாரியாகப் பிரித்துக் காட்டும். லிஃப்ட் புகார் நான்கும் கிழக்கு பிளாக். கசிவு ஆறில் ஐந்து நடு பிளாக், ஒன்றுதான் மேற்கு. மின்விளக்கு மூன்றும் நடு பிளாக். இனி புகார் எண்ணைப் பாருங்கள். மின்விளக்குப் புகார்கள் 2, 8, 10. இந்த மூன்றிலும் கசிவும் இருக்கிறது. கசிவு இல்லாமல் விளக்கு மட்டும் கெட்டதாக ஒரு புகார்கூட இல்லை.

பன்னிரண்டு புகாரை வைத்துக்கொண்டு காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இப்படி ஒரு பட்டியல் கையில் இருந்தால் நான் பல்பை மாற்றிக்கொண்டிருக்க மாட்டேன். கசிகிற தண்ணீர் மின் இணைப்புப் பெட்டிக்குள் போகிறதா என்று பிளம்பரையும் எலெக்ட்ரீஷியனையும் ஒன்றாக நிற்க வைத்துப் பார்க்கச் சொல்வேன். சுவருக்குள் ஈரமும் மின்சாரமும் சந்திப்பது செலவுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. இந்தச் சந்தேகம் முதல் கட்சியின் எண்ணிக்கையிலிருந்தும் வராது, இரண்டாவது கட்சியின் எண்ணிக்கையிலிருந்தும் வராது. பிரித்து, எண்ணை விடாமல் வைத்துக்கொண்டால்தான் வரும்.

அதே சமயம் எண்ணிக்கை மட்டுமே எல்லாம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லிஃப்ட் புகார் நான்குதான், ஆனால் மேல் மாடியில் முழங்கால் வலியோடு இருப்பவருக்கு ஒரு லிஃப்ட் புகார் பத்துப் புகாருக்குச் சமம். எதை முதலில் செய்வது என்பதை நாம்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் அந்தப் பேச்சு சரியான இடத்திலிருந்து தொடங்கும்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. செக்யூரிட்டி மேசையில் வகைகளின் பட்டியல் ஒன்றை ஒட்டிவையுங்கள், எழுத்துக்கூட்டல் மாறாமல் அதிலிருந்து மட்டும் எழுதட்டும். ஒரு வகையின் பெயர் இன்னொன்றுக்குள் வராமல் இருக்க, "தண்ணீர்" என்பதைத் "தண்ணீர் வரவில்லை" என்று மாற்றுங்கள். பொதுக்குழுவுக்கு வரும் அறிக்கையில் புகார் எத்தனை, கமா எத்தனை, வகை வரிகள் எத்தனை என்ற மூன்று எண்களையும் அடியில் அச்சிடுங்கள். முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும். அதைச் சரிபார்க்க யாருக்கும் கணினி தேவையில்லை.

சூத்திரங்களை எழுதிப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறைக்கு வாருங்கள். மடிக்கணினியும், உங்கள் பிளாக்கின் புகார்ப் பட்டியலும் கொண்டுவந்தால் போதும்.